வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியுமா? தானம், செட்டில்மென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் அலுவலகத்தில் பத்திரம் பார்க்கும் வேலை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் வீடு, மனை, நிலம் எழுதிக் கொடுப்பதைப் பற்றியது மட்டும்தான் இது. சட்டம் 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். தானம் பற்றிய பிரிவுகள் 122 முதல் 129 வரை.

தானப் பத்திரம், செட்டில்மென்ட் பத்திரம், ரெண்டும் ஒண்ணா வேற வேறயா?

காசு வாங்காமல், சொந்த விருப்பத்தில், இப்போது கையில் இருக்கும் சொத்தை ஒருவருக்குக் கொடுத்து அவரும் ஏற்றுக்கொண்டால் அது தானம். குடும்பத்தாருக்கு அன்பின் பேரில் எழுதும் செட்டில்மென்ட்டும் சொத்து மாற்றுச் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் இதேதான். ஏற்பு, சாட்சி, பதிவு, ரத்து எல்லாவற்றுக்கும் ஒரே விதிகள்.

வேறுபாடு முத்திரைத்தாள் செலவில்தான். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் மாற்றிய பிறகு தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், கட்டணத்துக்கு 10,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் உள்ள வீட்டை அம்மா மகனுக்கு எழுதினால் மொத்தம் 50,000 ரூபாயோடு முடிந்துவிடும். அதே வீட்டைக் குடும்பத்தில் சேராத ஒருவருக்குத் தானமாக எழுதினால் 7 சதவீதத் தீர்வை மட்டுமே 4,20,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் தனி. இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது மாற்றும். எழுதும் வாரத்தில் ஒருமுறை பதிவுத்துறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயில் எழுதினா செலவே இல்லையே, அப்புறம் எதுக்கு செட்டில்மென்ட்?

உயில் நீங்கள் இறந்த பிறகுதான் பேசும். இருக்கும்வரை சொத்து உங்களுடையது. நூறு முறை மாற்றி எழுதலாம், கிழித்துப் போடலாம். செட்டில்மென்ட்டில் உரிமை இன்றைக்கே கைமாறுகிறது. பிறகு மனசு மாறினாலும் அது உங்கள் கையில் இல்லை. இந்தப் பக்கத்தில் வரும் சங்கடங்களில் முக்கால்வாசி, உயில் எழுத வேண்டியவர்கள் செட்டில்மென்ட் எழுதியதால் வந்தவை.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் வயதானவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "நாளைக்கு உங்க மகனோட சண்டை வந்தா இந்த வீட்டை வேற யாருக்காவது கொடுக்கணும்னு தோணுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு "தோணலாம்" என்றால், உயில் எழுதச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் கையெழுத்து போட்டா செல்லாதா?

செல்லாது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க 123ஆம் பிரிவு கேட்பது மூன்று: கொடுப்பவர் (அல்லது அவர் சார்பில் ஒருவர்) கையெழுத்திட்ட பத்திரம், குறைந்தது இரண்டு சாட்சிகள், பதிவு. சொத்தின் மதிப்பு சின்னதாக இருந்தாலும் பதிவிலிருந்து விலக்கு கிடையாது. பதியாத தானப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உரிமை கோர முடியாது.

சாட்சிகள் விஷயத்தில் ஒரு யோசனை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் யாரையோ பிடித்துக் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. பத்து வருடம் கழித்து இன்னொரு பிள்ளை "அது எங்கப்பா கையெழுத்தே இல்லை" என்று வழக்குப் போட்டால், அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்துக்குக் கூட்டி வர வேண்டியிருக்கும். உங்களைவிட வயது குறைந்த, ஊரிலேயே இருக்கும், தெரிந்த ஆளாகப் பாருங்கள்.

வாங்குறவங்க ஏத்துக்கிட்டேன்னு எங்க கையெழுத்து போடணும்?

எங்கே, எப்படி என்று சட்டம் சொல்லவில்லை. ஏற்பு நடந்திருக்க வேண்டும், அதுவும் கொடுப்பவர் உயிரோடும் நிதானத்தோடும் இருக்கும்போதே நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்பதற்கு முன்பே வாங்குபவர் இறந்துவிட்டால் தானம் வீண். அவருடைய வாரிசுகள் வந்து "நாங்கள் ஏற்கிறோம்" என்று சொல்ல முடியாது.

நடத்தையே ஏற்புக்குச் சான்று. அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது, பட்டா மாறியதா, வீட்டு வரி ரசீது யார் பெயரில் வருகிறது, மின் இணைப்பு மாற்றப்பட்டதா, வாடகையை யார் வாங்குகிறார்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். இதில் எதுவுமே இல்லாமல், பத்திரம் கொடுத்தவரின் பீரோவிலேயே கிடந்து, வாங்கியவருக்கு விஷயமே தெரியாது என்றால் ஏற்பு நடக்கவில்லை என்று வாதிட இடமிருக்கிறது. வாங்குபவர் நீங்கள் என்றால் சுலபமான வழி, பத்திரத்திலேயே ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி சேர்த்து நீங்களும் கையெழுத்துப் போடுவது. அப்புறம் தாமதிக்காமல் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள்.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. தாத்தா அவ பேர்ல எழுதலாமா?

தாராளமாக. மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது, ஆனால் சுமையில்லாத தானத்தை வாங்கிக்கொள்ளலாம். கார்டியன் அவள் சார்பில் ஏற்கிறார். கேரளாவிலிருந்து போன கே. பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 வாக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தானம் கொடுத்த தாய் பிறகு ரத்து செய்யப் பார்த்ததை அங்கே ஏற்கவில்லை.

ஆனால் பின்னால் அந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டியிருந்தால், மைனர் சொத்து என்பதால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். படிப்புச் செலவுக்கு விற்கலாம் என்ற கணக்கில் எழுதினால் அந்தக் கணக்கு இடிக்கும்.

அப்பா பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டார். பதியறதுக்குள்ள மனசு மாறிட்டார். இனி என்ன?

இது நூறு வருடப் பழைய கேள்வி. சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன கல்யாணசுந்தரம் பிள்ளை எதிர் கருப்ப மூப்பனார் வழக்கில் இதேதான் பிரச்சினை. ஒருவர் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார், பதிவாகவில்லை. அதற்குள் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். பத்திரம் கொடுக்கப்பட்டு ஏற்கப்பட்டுவிட்டதால் கொடுத்தவர் இனி பின்வாங்க முடியாது, பதிவு பிறகு நடந்தாலும் போதும் என்பது தீர்ப்பு. தத்துப் பிள்ளைக்கு அந்தச் சொத்து போகவில்லை.

அதனால் பார்க்க வேண்டியது பதிவுத் தேதியை அல்ல. பத்திரம் உங்கள் கைக்கு வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா என்பதைத்தான். வந்துவிட்டது என்றால் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுங்கள். அதைத் தாண்டினால் இன்னும் நான்கு மாதம் வரை அபராதத்தோடு பதிய வழி உண்டு. அப்பா இடையில் இறந்துவிட்டாலும் பதிவுக்கு வழி இருக்கிறது. அவருடைய வாரிசுகள் ஆஜராகி, அது அவர் எழுதியதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் மாவட்டப் பதிவாளர் விசாரணை, பிறகு சிவில் கோர்ட் என்று நீளும். கையெழுத்து மட்டும் போட்டு அப்பாவே பத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், மனசு மாற அவருக்கு இன்னும் உரிமை உண்டு.

வீட்டை மகனுக்கு எழுதிட்டு, சாகற வரைக்கும் நான் அதே வீட்டுல இருக்கலாமா?

இருக்கலாம். அதைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். 2014இல் ரேணிகுண்ட்ல ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள்: உடனே சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைத்தால்தான் தானம் என்று சட்டம் கேட்கவில்லை. கொடுத்தவர் ஆயுள் வரை குடியிருந்து வாடகையையும் வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தாலும் தானம் செல்லும்.

ஒரு சொல் பிசகினால் நிலைமை தலைகீழ். 2018இல் சரோஜினி அம்மா வழக்கில், கொடுத்தவரும் அவர் கணவரும் இறந்த பிறகே தானம் நடைமுறைக்கு வரும் என்று பத்திரத்தில் இருந்தது. சுவாதீனமும் போகவில்லை. அந்தத் தானம் முற்றுப்பெறவே இல்லை, அவர் ரத்து செய்தது சரி என்று தீர்ப்பு வந்தது. உரிமை இன்றே போய், அனுபவம் மட்டும் கொடுத்தவரிடம் தங்குகிறதா, அல்லது உரிமையே சாவுக்குப் பிறகுதான் போகிறதா என்பதுதான் கோடு. முதலாவது செட்டில்மென்ட், இரண்டாவது கிட்டத்தட்ட உயில். 2025 மார்ச்சில் என்.பி. சசீந்திரன் வழக்கிலும், பத்திரத்தின் தலைப்பைப் பார்க்காமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செட்டில்மென்ட் என்றது.

நாங்கள் எழுதும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இன்று முதல் மேற்படி சொத்து உமக்குப் பாத்தியப்பட்டது. ஆனால் என் ஆயுட்காலம் வரை தரைத்தளத்தில் நான் குடியிருக்கவும், மாடி வாடகையை நானே பெற்று அனுபவிக்கவும் எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இருக்கும்வரை என் சம்மதமின்றிச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது." கடைசி வரி எல்லா நிலைமையிலும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வில்லங்கம் பார்த்து மூலப்பத்திரத்தைப் படிக்கும் வங்கி வக்கீல் அங்கே நிறுத்திக் கேள்வி கேட்பார். அதுவே பாதிப் பாதுகாப்பு.

எதுக்கு வம்பு, "எப்ப வேணும்னாலும் ரத்து பண்ணிக்குவேன்"னு ஒரு வரி சேர்த்துடலாமே?

அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. கொடுத்தவர் இஷ்டப்பட்டபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற தானம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 126ஆம் பிரிவே சொல்கிறது. பாதிச் சொத்துக்கு அந்த அதிகாரம் வைத்திருந்தால் அந்தப் பாதிக்குத் தானம் செல்லாது.

அதே பிரிவு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, கொடுத்தவரின் விருப்பத்தைச் சாராத ஒரு சம்பவம் நடந்தால் தானம் ரத்தாகும் என்று இருவரும் ஒப்புக்கொள்வது. "மகன் எனக்கு உணவும் மருத்துவச் செலவும் தராமல் போனால் ரத்து" என்பது அப்படிப்பட்டது; நடப்பதும் நடக்காததும் மகன் கையில் இருக்கிறது. இன்னொன்று, மோசடி, மிரட்டல், தகாத செல்வாக்கு போல ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடிய காரணம் எதுவாவது இருப்பது. பதிலுக்கு எதுவும் தரவில்லை என்பது மட்டும் காரணமாகாது, ஏனென்றால் தானத்தில் கைம்மாறு இருக்கவே கூடாது.

சார்பதிவாளர் ஆபீஸ்ல ரத்துப் பத்திரம் பதிஞ்சு, ஈசியிலயும் வந்துடுச்சு. சொத்து திரும்ப எனக்குத்தானே?

இல்லை. ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், ஒரு வரி ஏறியதால் உரிமை திரும்பி வராது. ஏற்றுக்கொண்டு நடைமுறைக்கு வந்துவிட்ட செட்டில்மென்ட்டைக் கொடுத்தவர் மட்டும் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. அப்படிப்பட்ட ரத்துப் பத்திரத்தைப் பதிய சார்பதிவாளருக்கு அதிகாரம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் சொல்லிவிட்டது. மேலே சொன்ன சசீந்திரன் வழக்கிலும் தன்னிச்சையான ரத்து நிற்கவில்லை. இப்போதும் பழைய ரத்துப் பத்திரங்களை நம்பி மனை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். வில்லங்கச் சான்றில் செட்டில்மென்ட்டும் அடுத்து ரத்தும் தெரிந்தால், அந்த ரத்தில் செட்டில்மென்ட் வாங்கியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

மகனுக்கே திருப்பித் தர மனசு இருந்தால் ரத்துப் பத்திரம் என்ற பேச்சே வேண்டாம். அவர் அம்மாவுக்குப் புதிதாக ஒரு செட்டில்மென்ட் எழுதட்டும். முதல் பதிலில் சொன்ன அதே செலவு இன்னொரு முறை ஆகும், ஆனால் உரிமைத்தொடரில் ஓட்டை விழாது.

மகன் சோறு போடறதில்ல. பத்திரத்துல கண்டிஷன் எதுவும் எழுதல. ஒண்ணும் பண்ண முடியாதா?

சொத்து மாற்றுச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கஷ்டம். நன்றிகெட்டதனம் ரத்துக்குக் காரணமில்லை. ஆனால் கொடுத்தவருக்கு 60 வயது நிறைந்திருந்தால் 2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் போனால், அந்தப் பத்திரம் மோசடியால் அல்லது மிரட்டலால் வந்ததாகக் கருதப்படும். தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. மேல்முறையீடு கலெக்டரிடம். அந்தச் சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

"நிபந்தனையோடு" என்ற இடத்தில்தான் இழுபறி. 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில், நிபந்தனை இருந்ததாகச் சொல்லி அதை நிரூபிக்கவும் வேண்டும், அன்பினால் எழுதினேன் என்பது மட்டும் போதாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது மூத்தவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லித் தானத்தை ரத்து செய்ததோடு, வெளியேற்றி வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்தால் முடியும் என்றது. ஆனால் அங்கே கவனித்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. அதே வருடம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிய பத்திரத்திலேயே அந்த நிபந்தனை மறைவாக இருக்கிறது, தனியாக எழுத வேண்டியதில்லை என்றது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 68 வயது அம்மா, 2019இல் ஒரே வீட்டை மகனுக்கு எழுதினார். பத்திரத்தில் "அன்பு, பாசத்தின் பேரில்" என்று மட்டும் இருக்கிறது. மகள்களுக்கு எதுவும் தரவில்லை. பட்டா மாறிவிட்டது. 2023 முதல் மருத்துவச் செலவை மகன் தருவதில்லை, அம்மா மகள் வீட்டில் இருக்கிறார். இவர் செய்ய வேண்டியது ரத்துப் பத்திரம் அல்ல, ஆர்.டி.ஓ.விடம் மனு. அதில் நான் முதலில் எழுதச் சொல்வது, இருந்த ஒரே வீட்டை மற்ற பிள்ளைகளை விட்டு இவருக்கே ஏன் கொடுத்தார் என்பது. கடைசி வரை கூட வைத்துக்கொள்வான் என்ற எண்ணத்தில்தான் என்பதற்குச் சாட்சி யார், எழுதிய சமயத்தில் மகன் அனுப்பிய குறுஞ்செய்தி ஏதாவது இருக்கிறதா, மருந்துக் கடை பில்களுக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதையெல்லாம் சேர்க்க வேண்டும். சும்மா "கவனிக்கவில்லை, ரத்து செய்யுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், சிகாரா தீர்ப்பைக் காட்டி மகன் தரப்பு தப்பிக்கப் பார்க்கும். வீடு திரும்ப வராவிட்டாலும் அதே தீர்ப்பாயத்தில் மாதப் பராமரிப்புத் தொகை கேட்க அவருக்குத் தனி உரிமை உண்டு.

என்ன பத்திரம்னு சொல்லாமலே கையெழுத்து வாங்கிட்டாங்க. இதுக்கும் அதே ஆர்.டி.ஓ.வா?

இது உண்மையான மோசடி. சிவில் நீதிமன்றம்தான் இடம். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருடம், ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து. "அன்றைக்கே தெரியும், பதிவாளர் கேட்டபோது ஆமாம் என்றார்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். ஆகவே எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். ஈசி எடுத்த தேதியே சில சமயம் கை கொடுக்கும். படுத்த படுக்கையில், வாங்கியவரின் பராமரிப்பிலேயே இருந்தபோது எழுதியது என்றால், தகாத செல்வாக்கு இல்லை என்று காட்டும் பாரம் வாங்கியவர் பக்கம் நகரக்கூடும்.

நான் கேஸ் போடறதுக்குள்ள மகன் வீட்டை வித்துட்டான். வாங்கினவங்ககிட்ட இருந்து எடுக்க முடியுமா?

காசு கொடுத்து, உங்கள் நிபந்தனையோ தகராறோ தெரியாமல் வாங்கியவரின் உரிமையை 126ஆம் பிரிவு தொடாது. நிபந்தனை பதிவான பத்திரத்திலேயே இருந்தால், மூலப்பத்திரம் பார்க்காமல் வாங்கினேன் என்று அவர் சொல்ல முடியாது. ஆயுட்கால உரிமை வரியையும் நிபந்தனையையும் தனித் தாளில் எழுதாமல் பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்வது இதற்காகத்தான். வழக்குப் போட்டுவிட்டால் அன்றைக்கே தடையுத்தரவு மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

பூர்வீகச் சொத்துல என் பங்கை தங்கச்சிக்கு தானமா தரலாமா?

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்து இன்னும் பிரியவில்லை என்றால், மற்ற பங்காளிகளின் சம்மதமில்லாமல் உங்கள் பிரியாத பங்கைத் தானம் செய்ய முடியாது. தம்ம வெங்கட சுப்பம்மா வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. உயிலாக எழுதுவதற்கு இந்தத் தடை இல்லை. தானம்தான் வேண்டும் என்றால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உங்கள் பங்கு தனியான பிறகு எழுதுங்கள். அப்பாவின் சுயசம்பாத்தியத்தைப் பூர்வீகம் என்று ஊரில் சொல்வது வழக்கம். அப்படியானால் இந்தச் சிக்கலே கிடையாது, அதனால் மூலப்பத்திரத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

நாங்க முஸ்லிம். வாப்பா வாயாலயே கொடுத்துட்டார், பதியல. அது போச்சா?

போகவில்லை. முஸ்லிம் சட்டப்படி கொடுக்கும் தானமான ஹிபாவுக்கு 123ஆம் பிரிவு பொருந்தாது. 129ஆம் பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. கொடுத்தேன் என்ற அறிவிப்பு, ஏற்பு, சுவாதீனம் ஒப்படைப்பு என்ற மூன்றும் நடந்திருந்தால் வாய்மொழியே போதும். எழுதி வைத்திருந்தாலும் அது பதியப்படவில்லை என்பதாலேயே செல்லாததாகாது என்று ஹபீஸா பீபீ வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மேலே ராஜம்மா வழக்கில் தேவையில்லை என்று சொன்ன சுவாதீனம் இங்கே கட்டாயம். சாவி, வாடகை, வரி என்று ஏதோ ஒரு வழியில் அது கைமாறியதைக் காட்ட வேண்டும். வாப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் குடியிருந்தால் அவர் வெளியேற வேண்டியதில்லை, ஆனால் உரிமையாளராக நடந்துகொள்வதை நிறுத்தியிருக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு முன் அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒப்படைத்த பிறகு பொதுவாக நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் முடியாது. பிள்ளை போன்ற நெருங்கிய இரத்த உறவுக்குக் கொடுத்திருந்தால் அந்த வழியும் மூடிவிடும். வாய்மொழி ஹிபா சட்டப்படி நின்றாலும், பதிவான ஆவணம் இல்லாமல் பட்டா மாற்றவும் கடன் வாங்கவும் அலைய வேண்டியிருக்கும் என்பதால், வாப்பா இருக்கும்போதே ஒரு செட்டில்மென்ட்டாகப் பதிந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.